கடன் லாபத்தையும் நஷ்டத்தையும் பெருக்குவது எப்படி?

கேள்வி: கடன் வாங்கித் தொழில் செய்தால் லாபமும் கூடும், நஷ்டமும் கூடும் என்கிறார்களே, எப்படி?

திருப்பூரில் 1 கோடி ரூபாய் போட்டு ஒரு பின்னலாடை யூனிட் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வருஷத்தில் வட்டிக்கு முன் 15 லட்சம் நிற்கிறது. முழுக்கச் சொந்தப் பணம் என்றால் அது 15 சதவீதம்.

இப்போது கைப்பணம் 40 லட்சம், வங்கிக் கடன் 60 லட்சம், வட்டி 11 சதவீதம். வட்டி 6.6 லட்சம் போக மீதி 8.4 லட்சம். போட்ட 40 லட்சத்துக்கு அது 21 சதவீதம். வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த வருஷம் நூல் விலை ஏறி, 5 லட்சம்தான் நிற்கிறது. கடனில்லாதவருக்கு அப்போதும் 5 சதவீதம் லாபம். உங்களுக்கோ அதே 6.6 லட்சம் வட்டி, கையைவிட்டு 1.6 லட்சம் போகிறது. அதாவது 4 சதவீத நஷ்டம்.

எல்லைக்கோடு அந்த 11 சதவீதம்தான். மொத்த முதலீடு அதற்கு மேல் ஈட்டினால் கடன் உங்களுக்கு உழைக்கும், கீழே போனால் நீங்கள் கடனுக்கு உழைப்பீர்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: அசல் தவணை லாபக் கணக்கில் வராது. ஏட்டில் லாபம் இருக்கும்போதே தவணை கட்டப் பணம் இல்லாமல் போகலாம். அனுப்பிய சரக்குக்குப் பணம் வர 90 நாள்கூட ஆகலாம், தவணையோ மாதாமாதம். சிக்கல் பெரும்பாலும் முதலில் தெரிவது அங்கேதான்.