பழைய பாடப்புத்தக சேனல்ல பின் பண்ற லிஸ்ட்டும் ரூல்ஸும்

கேள்வி: "டெலிகிராம்ல பழைய புக் விக்கிறேன், எல்லாரும் அது இருக்கா இது இருக்கான்னு பிஎம்ல வந்து கேக்குறாங்க. பின் பண்ற லிஸ்ட்டும் ரூல்ஸும் எப்படி வைக்கலாம்?"

நான் பினாங்குல ஒரு பழைய புத்தகக்காரருக்கு இந்த வேலையத்தான் பாத்துக்கிறேன், எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பயிற்சி புக்ஸ், கொஞ்சம் யூனிவர்சிட்டி புக்ஸ்.

லிஸ்ட்ட போட்டோவோட சேத்துப் போடாதீங்க. போட்டோக்குக் கீழ எழுதுறது சாதாரண அக்கவுண்ட்ல 1024 எழுத்தோட நின்னுரும், வெறும் டெக்ஸ்ட்டுன்னா 4096 வரைக்கும் போகும், அதுவும் தமிழ்ல 'கா'ன்னா டெலிகிராம் கணக்குல ரெண்டு எழுத்து, சீக்கிரம் நெறஞ்சிரும். அதனால பின்ல எல்லா புக்கையும் கொட்டாம, ஃபார்ம் 4-5, எஸ்டிபிஎம், யூனின்னு தனித்தனி லிஸ்ட் போஸ்ட் போட்டு, பின்ல அந்த மூணுக்கும் லிங்க் மட்டும் குடுங்க. ஒவ்வொரு புக்குக்கும் ஒரு போஸ்ட், லிஸ்ட்ல அதோட பேர்ல லிங்க். சேனல் பப்ளிக்கா இருக்கணும், பிரைவேட்னா லிங்க் t.me/c/ன்னு வரும், உள்ள சேராதவங்களுக்குத் தொறக்காது, வாட்ஸ்அப்ல அனுப்பிப் பிரயோஜனமில்ல.

வித்துப் போன போஸ்ட்ட அழிச்சிராதீங்க, லிஸ்ட்ல இருக்கிற லிங்க் செத்துரும், கீழ யார் முதல்ல கேட்டாங்கங்கிற கமெண்ட்டையும் அங்க பாக்க முடியாது. மேல 'வித்தாச்சு'ன்னு எடிட் பண்ணிட்டு லிஸ்ட்ல அந்த வரிய எடுங்க. எடிட் பண்ணா யாருக்கும் நோட்டிஃபிகேஷன் போகாது, அதனால லிஸ்ட் தலையில திருத்துன தேதிய போட்டு வைங்க.

ரூல்ஸ்ல முக்கியமானது, பிஎம்ல புக் கேக்கக் கூடாது, போஸ்ட்டுக்குக் கீழ கமெண்ட்லதான். சேனலோட ஒரு குரூப்ப இணைச்சாதான் கமெண்ட் வரும். உதாரணத்துக்கு எஸ்டிபிஎம் கெமிஸ்ட்ரி ஒண்ணு, 15 வெள்ளி, பென்சில் கோடு இருக்கு, கடைசி ரெண்டு பக்கம் கிழிஞ்சிருக்குன்னு போடுறோம், கிழிசல தனியா போட்டோ எடுத்து. ரெண்டு பேர் கேட்டா கமெண்ட் போட்ட நேரம்தான் கணக்கு. சில பேர் சும்மா ஒரு புள்ளி வச்சிட்டு பிறகு 'எனக்கு'ன்னு மாத்துவாங்க, நேரம் பழசாவே இருக்கும், பக்கத்துல எடிட் ஆனதுன்னு காட்டும், அத நாங்க சேத்துக்கிறதில்ல. அன்னைக்கு ராத்திரி 9 மணிக்குள்ள டூயிட்நவ்ல காசு வரலன்னா அடுத்தவருக்குப் போயிரும்.

இன்னொண்ணு ரூல்ஸ்ல மேலயே எழுதுங்க: எஸ்பிபிடி புக் வாங்கவும் மாட்டோம் விக்கவும் மாட்டோம். அது ஸ்கூல் இரவல் புக், வருசக் கடைசியில திருப்பிக் குடுக்கணும், உள்பக்கத்துல ஸ்கூல் முத்திரை இருக்கும். "தம்பி, இது யார் கேக்கப் போறா"ன்னு கொண்டு வர்றவங்க உண்டு, புக் குடுக்க வர்றவங்ககிட்ட முதல் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அங்கேயே தெரிஞ்சிரும்.