ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிக்குடி. கணக்கியல் படித்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம். கருவி போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது விளங்கும். மட்டக்களப்பில் ஒரு லீசிங் கம்பனியில் அடுத்த கிழமை இன்டர்வியூ. முடியால் மூடிக்கொண்டு போ, வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்கிறா அம்மா. எப்போது சொல்வது? இயலாமை உள்ளவர்களுக்கான 3 வீத வேலை ஒதுக்கீடு எனக்கும் உண்டா?

*

அன்புள்ள தங்கச்சி,

ஒதுக்கீட்டை விடுங்கள். அது 1988இல் வந்த அரச சுற்றறிக்கை, அரச சேவைக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் உரியது. லீசிங் கம்பனியை அது கட்டுப்படுத்தாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் உங்கள் மேசையை எங்கே போடுவது என்றெல்லாம் அது சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முடியால் மூடுவது என்ன யோசனை? கருவியை மறைக்கலாம், கேட்காததை எப்படி மறைப்பீர்கள்?

சுனாமிக்குப் பிறகு இங்கே ஒரு நிறுவனத்தின் நேர்முகத்தில் கேள்வி கேட்கும் பக்கம் நானும் இருந்தேன். தகரக் கூரை, தலைக்கு மேல் கடகடவென்று ஃபேன், வெளியே ஜெனரேட்டர். வாழைச்சேனைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் வந்தான். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டினான். "எந்த மென்பொருளில் கணக்கு வைத்தீர்கள்?" என்றால் "இரண்டு வருஷம்" என்றான். ஒவ்வொரு கேள்விக்கும் இடப்பக்கத்தை எங்களிடம் திருப்புவதைக் கவனித்து, கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினேன். கடகடவென்று சரியாகச் சொன்னான். ஆனால் பக்கத்தில் இருந்தவர் அதற்குள் "விளங்கும் திறன் குறைவு" என்று எழுதி முடித்துவிட்டார். வேலை வேறொருவருக்குப் போனது. அவன் காதைப் பற்றி ஒரு வரி முன்பே சொல்லியிருந்தால், அந்தத் தாளில் அப்படி எழுத இடம் இருந்திருக்காது. எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, அவன்மேலும்தான்.

அதனால் விண்ணப்பத்தில் கேட்காதவரை சொல்லத் தேவையில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பிறகு, போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுங்கள். தகுதி பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அறையை ஒழுங்கு செய்ய அவர்களுக்கும் நேரம் இருக்கும். போன் எடுக்காதீர்கள், எழுதுங்கள்: "எனக்குக் கேட்கும் திறன் குறைவு, இரண்டு காதிலும் கருவி அணிகிறேன். கேள்வி கேட்பவர்கள் எனக்கு நேரே, கிட்ட இருந்து, ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசினால் போதும். ஃபேனோ ஏசியோ இரையாத அறை கிடைத்தால் நல்லது. விளங்காத கேள்வியை எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்." இவ்வளவுதான். எந்த வயதில் வந்தது, எந்த டொக்டர், ஓடியோகிராமில் என்ன இருந்தது, ஒன்றும் வேண்டாம்.

ஃபேனில் ஏன் இப்படி நிற்கிறேன் என்றால், கருவி பேச்சை மட்டும் பெரிதாக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். தூரமும் அப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் விழும். நீள மேசையின் மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களுக்கு விளங்கமாட்டார். உள்ளே போனதும் கதிரையை இழுத்துக் கிட்டப் போடுங்கள். கேட்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் வெளிச்சத்தில் அவர் வாய் தெரியாது, இடம் மாறலாமா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

மேசை விஷயம் நியமனக் கடிதம் வந்த பிறகு, கையெழுத்துக்கு முன். லீசிங் கணக்கில் உங்களுக்கு ஆபத்து எண்கள்தான். அறுபது, எழுபது, எண்பது மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன. தொடக்கத்தைத் தவறவிட்டால் ஒருவருடைய தவணை பத்தாயிரத்தால் பிழைக்கும். ஆகவே தொகையும் ஒப்பந்த இலக்கமும் வாயால் வேண்டாம், வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வரட்டும். சுவரை முதுகுக்கு வைத்த, கவுண்டர் இரைச்சலுக்குத் தள்ளிய மேசை கேளுங்கள். இரண்டுக்கும் கம்பனிக்குச் செலவில்லை. பேசி முடித்ததும் "நாம் ஒத்துக்கொண்டவை இவை" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். முகாமையாளர் மாறினால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும்.

போன்தான் சிக்கல். ஒரு நாளைக்கு நாலைந்து அழைப்பு என்றால் பக்கத்து மேசைக்காரர் எடுக்கட்டும், பதிலுக்கு அவருடைய மாலைக் காசுக் கணக்கை நீங்கள் ஒப்பிட்டுக் கொடுங்கள். இந்த மாற்றை நீங்களே முன்வைத்தால் முகாமையாளர் அநேகமாக மறுக்கமாட்டார். ஆனால் தவணை கட்டாதவர்களை நாள் முழுக்க போனில் பிடிக்கும் வேலை என்றால், எந்த மாற்றமும் அதைச் சரிசெய்யாது. நேர்முகத்திலேயே "ஒரு நாளில் எவ்வளவு நேரம் போனில்?" என்று கேளுங்கள். அதிகம் என்றால், கிளையில் கணக்குப் பிரிவு வெற்றிடம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியாகக் கேளுங்கள்.