கேஷுவாலிட்டியில் அடி வாங்கிய பிறகு என்ன எழுதுவது? ஓய்வு பெற்ற ஆர்.எம்.ஓ. ஒருவரின் கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஆர்.எம்.ஓ.வாக, அதாவது நிலைய மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோது இந்த மாதிரி அறிக்கைகள் நிறைய என் மேசைக்கு வந்தன. அவற்றில் பாதியைத் திருப்பி எழுத வைத்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹவுஸ் சர்ஜன்: மேடம், முந்தாநாள் நைட் டியூட்டியில் ஒரு நோயாளியின் மகன் என் இடது கன்னத்தில் அறைந்துவிட்டார். நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதித் தரச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

தம்பி, முதலில் உங்கள் பெயரில் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேட்டில் காயக் குறிப்பு, போட்டார்களா? பெரும்பாலும் போட மாட்டார்கள். ஊருக்கெல்லாம் ஏ.ஆர். எழுதுகிற நாம் நமக்கு எழுத மறந்துவிடுவோம். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, இன்றே கேஷுவாலிட்டிக்குப் போய், அன்று உங்களோடு டியூட்டியில் இல்லாத ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம் என்று அவர் எழுதட்டும். பரிசோதித்த தேதியும் நேரமும் இன்றையதாகவே இருக்கட்டும், முன்தேதி போட வேண்டாம்.

அறிக்கைக்கு வருவோம். என்னிடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன், அதிலிருந்தே புரியும். நெஞ்சுவலி என்று 55 வயது மதிக்கத்தக்க ஒருவரை இரவு கொண்டு வந்தார்கள். இ.சி.ஜி. எடுத்தாயிற்று. மெடிசின் டியூட்டி டாக்டர் பக்கத்துக் கட்டிலில் வேறொருவருக்கு சி.பி.ஆர். செய்துகொண்டிருந்தார். ஹவுஸ் சர்ஜன் பையன் "கொஞ்சம் இருங்க, டாக்டர் வந்துடுவார்" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். மூன்றாவது தடவை மகன் சட்டையைப் பிடித்து அறைந்து தள்ள, பையன் டிரெஸ்ஸிங் டிராலி மேல் விழுந்து முழங்கையில் அடி. அவன் எழுதிக்கொண்டு வந்த அறிக்கையின் முதல் வரி: "குடிபோதையில் வந்த ரவுடிக் கும்பல் என் மீது கொலைவெறித் தாக்குதல் நடத்தியது."

அவன் கோபம் நியாயமானது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிசிடிவியில் அடித்தவர் ஒரே ஆள். கூட வந்த இரண்டு பேர் அவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். "கும்பல்" என்று எழுதிய அந்தத் தாள் அப்படியே போயிருந்தால், தடுத்த இரண்டு பேரும் குற்றவாளிகளாகியிருப்பார்கள், எதிர்த்தரப்பு வக்கீலும் வீடியோவைக் காட்டி மொத்த அறிக்கையையும் பொய் என்று சொல்லியிருப்பார். உட்கார வைத்து மறுபடி எழுத வைத்தேன். வந்தது இது:

"இரவு 11.40 மணிக்கு (கேஷுவாலிட்டி சுவர்க் கடிகாரம்) நான் 3-ஆம் கட்டிலின் அருகே நின்றிருந்தேன். நோயாளியின் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட, நீலச் சட்டை அணிந்த, சுமார் 30 வயதுடைய ஆண், என் சட்டைக் காலரை இடது கையால் பிடித்து, வலது உள்ளங்கையால் என் இடது கன்னத்தில் ஒருமுறை அடித்தார். பின் மார்பில் தள்ளினார். நான் டிரெஸ்ஸிங் டிராலியின் மேல் விழுந்தேன். வலது முழங்கை டிராலியின் விளிம்பில் பட்டது. அவருடன் வந்த இருவர் அவரைப் பிடித்து விலக்கினர்."

ரவுடியும் இல்லை, கொலைவெறியும் இல்லை. ஆனால் எந்தக் கை, எந்த இடம், எத்தனை முறை என்பது எல்லாம் இருக்கிறது. நீங்களும் இப்படி எழுதுங்கள். அவர் பேசியதை அவர் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கெட்ட வார்த்தையானாலும் கூச்சப்பட்டு "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று சுருக்காதீர்கள், மிரட்டினாரா வெறுமனே திட்டினாரா என்பது அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. அப்புறம், அடி விழுந்த பிறகு அந்த நோயாளியை யார் பார்த்தார்கள், சிகிச்சை எத்தனை நிமிடம் தடைப்பட்டது என்பதும் அறிக்கையில் வர வேண்டும். நிர்வாகம் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்.

பி.ஜி. மாணவர்: குடித்திருந்தான் என்று எழுதினால்தான் கேஸ் நிற்கும் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். நீங்கள் அதை எடுக்கச் சொல்கிறீர்களே?

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி சரி. மூச்சில் சாராய வாடை வந்ததா, நாக்கு குழறியதா, நடை தள்ளாடியதா, இதை நீங்கள் நேரில் கவனித்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். "குடிபோதையில் இருந்தார்" என்பது ஒரு முடிவு. போலீஸ் அவரை மெமோவோடு கொண்டு வந்து, டாக்டர் ஒருவர் பரிசோதித்து, ரத்தம் எடுத்த பிறகு சொல்ல வேண்டியது அது. பரிசோதிக்கும் டாக்டர் அடி வாங்கியவராக இருக்கவே கூடாது.

கேஸ் நிற்பதற்குக் குடி தேவையில்லை. 2008-ல் வந்த தமிழ்நாடு மருத்துவப் பணியாளர்கள் பாதுகாப்புச் சட்டத்தில் பணியில் இருக்கும் மருத்துவரைத் தாக்கினாலே குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம் சிறை, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். அங்கே நிரூபிக்க வேண்டியது நீங்கள் பணியில் இருந்தீர்கள், அவர் தாக்கினார் என்பதை. அதனால் டியூட்டி ரோஸ்டரின் நகலை அறிக்கையோடு இணைத்துவிடுங்கள். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்: டாக்டர் எழுதிய அறிக்கையின் கீழே சாட்சி என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், அடித்ததைப் பார்க்கவில்லை, டிராலி விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

போடாதீர்கள் சிஸ்டர். தனித்தாளில் உங்களுடையதை எழுதுங்கள்: எந்தக் கட்டிலில் இருந்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், சத்தம் கேட்டது, திரும்பினால் டாக்டர் தரையில் கிடந்தார், ஒருவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு போதும். அடித்ததைப் பார்க்காத சாட்சி என்று இதை ஒதுக்க மாட்டார்கள், டாக்டர் சொன்னதன் அடுத்த நொடியை நீங்கள் உறுதி செய்கிறீர்கள். செக்யூரிட்டி, வார்டு பாய், எல்லாரிடமும் இப்படித் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். நேரத்தில் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் அதைச் சரிக்கட்டவே வேண்டாம். நான்கு பேர் நான்கு தாளில் வரிக்கு வரி ஒன்றாக எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நோயாளியின் உறவினர்: எங்க அப்பாவை ஒரு மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. நான் கத்தினேன், யாரையும் தொடவில்லை. என் பேரையும் இப்படி எழுதி வைத்திருப்பார்களா? அவங்க தாமதத்தை யார் எழுதுவார்கள்?

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன். நான் இங்கே சொல்வது கைநீட்டிய சம்பவங்களைப் பற்றி. ஆனால் நீங்கள் கேட்டது முக்கியமானது. தாமதமும் அதே அறிக்கையில் வர வேண்டும் என்றுதான் நான் எப்போதும் சொல்லி வந்தேன். நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், இ.சி.ஜி. எப்போது, பெரிய டாக்டர் எப்போது வந்தார், ஏன் வர முடியவில்லை, உறவினருக்கு யார் என்ன சொன்னார்கள். நான் சொன்ன அந்த இரவில் ஆறு பேர் பார்க்க வேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள், அதையும் எழுத வைத்தேன். மேலே சிலருக்குப் பிடிக்கவில்லை. காத்திருந்தது அடிப்பதற்குக் காரணமாகாது, ஆனால் நடந்ததை மறைக்கவும் கூடாது. உங்கள் புகாரைத் தேதி, நேரத்தோடு டீனுக்குத் தனியாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கத்தினது மட்டும் தாக்குதல் ஆகாது, மிரட்டியிருந்தால் அது வேறு.

உதவி மருத்துவர்: போலீஸில் நானே போய்ப் புகார் கொடுக்க வேண்டுமா? எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு இந்த உள் அறிக்கை எதற்கு?

நிறுவனத் தலைவர் கொடுக்க வேண்டும். கொல்கத்தா ஆர்.ஜி.கர் சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16-ல் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அனுப்பிய குறிப்பில், பணியில் இருப்பவர் மீது வன்முறை நடந்தால் அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் எஃப்.ஐ.ஆர். பதிய நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று இருக்கிறது. மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு எழுதிய குறிப்பு என்றாலும் உங்கள் டீனிடம் அதைக் காட்டிக் கேட்கலாம். 2008 சட்டத்தோடு, அரசு ஊழியர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 132-ஆம் பிரிவும் சேரும், காயம் இருந்தால் 121-ஆம் பிரிவு. ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, எண் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

உள் அறிக்கை வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் கொடுக்கிற புகாரில் விட்டுப்போனது எல்லாம் இதில்தான் இருக்கும். அதோடு சிசிடிவியை எடுத்து வைக்க நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்பதும் இதன் மூலம்தான். பதிவு சில நாளிலேயே தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். கேமரா எண், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். நான் சொன்ன கேஸில் கேமரா கடிகாரம் 7 நிமிடம் முன்னால் ஓடியது, அதையும் ஒரு வரி எழுதி வைத்ததால் பிறகு குழப்பம் வரவில்லை. யாரோ செல்போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது, பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழோடு மூலப்பதிவின் நகல் வேண்டும்.

ஹவுஸ் சர்ஜன், வேறு கல்லூரி: அவர் அடித்ததும் நானும் பதிலுக்கு ஒரு தள்ளு தள்ளினேன். அதை எழுதினால் எனக்கே வினையாகாதா?

எழுதுங்கள். "என்னை விடுவித்துக்கொள்ள இரு கைகளாலும் அவர் மார்பில் தள்ளினேன்" என்று, அப்படித்தான் நடந்தது என்றால். நீங்கள் மறைத்து கேமரா காட்டினால் நீங்கள் எழுதிய மற்ற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஏற்கெனவே விட்டுவிட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பழைய தாளைத் திருத்தாதீர்கள், கூடுதல் அறிக்கை என்று இன்றைய தேதியில் இன்னொன்று கொடுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்: அடித்தவரின் அம்மா வந்து காலில் விழுகிறார். டாக்டரும் வாபஸ் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறார். என்ன செய்வது?

இதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை சிஸ்டர். சில பேர் ராஜியாகி நிம்மதியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன், அதே ஆள் அடுத்த வருடம் இன்னொரு நர்ஸைத் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். முடிவு அந்த டாக்டருடையது, டீனோ யூனிட் சீஃபோ அழுத்தம் கொடுக்கக் கூடாது. என்ன முடிவானாலும் அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டாம், அது கோப்பில் இருக்கட்டும்.

முதல் ஹவுஸ் சர்ஜன்: ஏ.ஆர். போட்டாயிற்று மேடம், நன்றி. இடது காது மட்டும் அன்றிலிருந்து அடைத்த மாதிரி இருக்கிறது, கூடவே ஒரு இரைச்சல். அதை எழுதவில்லை, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி, இப்போதே இ.என்.டி.க்குப் போங்கள். உள்ளங்கையால் காதை ஒட்டி அறைந்தால் காதுச் சவ்வு கிழியலாம், வெளியே ஒரு காயமும் தெரியாது. சொட்டு மருந்து எதுவும் நீங்களாக விடாதீர்கள், தலைக்குக் குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவ்வின் நிலையை அவர் எழுதட்டும், ஆடியோகிராம் இன்றே எடுங்கள், சில வாரம் கழித்து இன்னொரு முறையும். பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஒருவேளை கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம், வழக்கின் பிரிவே மாறும். இ.என்.டி. சீட்டின் நகலை ஏ.ஆர். எண்ணைக் குறித்து, கூடுதல் அறிக்கையோடு இன்று மாலைக்குள் ஆர்.எம்.ஓ.விடம் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.