எரிந்த மோட்டார்: எலெக்ட்ரீஷியன் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்?

"5 எச்.பி. மோட்டார் எரிந்துபோச்சு. எலெக்ட்ரீஷியன் 'காயில் எரிந்தது'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தார். இன்சூரன்ஸில் காரணம் இல்லைன்னு திருப்பிட்டாங்க. காயில் இன்னும் கட்டலை."

காயில் கட்டாமல் வைத்திருப்பது நல்லது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை பழைய கம்பியை அறுக்க விடாதீர்கள். உங்கள் சாட்சியே அதுதான்.

மோட்டாரைத் திறந்து எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் காயிலில் ஒன்றோ இரண்டோ மட்டும் கரியாகி, மீதி செம்பு நிறம் மாறாமல் இருந்தால், ஒரு பேஸ் போன நிலையில் மோட்டார் ஓடியிருக்கிறது. சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் குறைந்த வோல்டேஜ் அல்லது அதிக லோடு. பேரிங் இறுகி ரோட்டார் உரசிய தடம் தெரிந்தால் அது தேய்மானம். பெரும்பாலான பாலிசிகளில் அதற்குப் பணம் வராது. பார்த்ததை அப்படியே எழுதட்டும், மாற்றி எழுதினால் சர்வேயருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் ஒரு வரிக் கடிதம் திரும்பி வந்தது. அப்புறம் எழுதியதில் மோட்டார் சீரியல் நம்பர், எரிந்த தேதி, கருகிய காயில் எது, ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே ஏன் விழவில்லை, பீஸ் கேரியரில் ஒரு பீஸ் போயிருந்தது, எல்லாம் இருந்தது. கையெழுத்தோடு லைசென்ஸ் எண்ணும் போட்டார்கள். கிளைம் நகர்ந்தது.

சீரியல் நம்பர் பாலிசியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி சேருமா என்பதையும் பாலிசியில் படித்துவிடுங்கள்.