நடுப்பகல் டாக்டர் அப்பாயின்மென்ட்: மேனேஜரிடம் சொல்வது எப்படி?

புதன்கிழமை 12.30க்கு கிளினிக். ஆபீஸ் 9.30 முதல் 6.30, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. எப்படிக் கேட்கணும் மேடம்?

திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 11.45க்குக் கிளம்பி 2.30க்குத் திரும்பினால் 2 மணி 45 நிமிடம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் குறைவது 1 மணி 45 நிமிடம்தான். மொத்தமாக "மூணு மணி நேரம்" என்று சொல்லப்போய்த்தான் பலருக்கு அரைநாள் லீவு விழுகிறது. இப்படி எழுதலாம்:

"சார், புதன் 12.30க்கு டாக்டர் அப்பாயின்மென்ட். 11.45க்குக் கிளம்பி 2.30க்கு சீட்டில் இருப்பேன். குறையும் 1.45 மணி நேரத்துக்கு, புதன் காலை 8.45க்கு வந்துடுறேன், வியாழன் 7.30 வரை இருக்கேன். 3 மணியைத் தாண்டினா அரைநாள் லீவா போட்டுக்கிறேன்."

கடைசி வரியை விடாதீர்கள். டோக்கன் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. 2.30 என்று சொல்லிவிட்டு 3.30க்கு வந்தால், அடுத்த முறை கேட்கும்போது முகம் மாறும். "அப்புறம் பார்த்துச் செஞ்சிடுறேன்" என்பதும் வேண்டாம், கிழமையும் நேரமும் சொல்லுங்கள்.

என்ன பிரச்சினைன்னு துருவிக் கேட்டா?

"ஒரு செக்கப், சார்" போதும். ஆதாரம் கேட்டால் தேதி போட்ட கன்சல்டேஷன் பில்லைக் கொடுங்கள். மருந்துச் சீட்டைக் கொடுத்தால் நோயே வெளியே வந்துவிடும். பிசியோதெரபி போல வாராவாரம் போவதென்றால் எல்லாத் தேதியையும் ஒரே தடவையில் சொல்லிவிடுவது நல்லது.

மாசம் ரெண்டு பர்மிஷன் சட்டப்படியே உண்டே! எதுக்கு ஈடுகட்டணும்?

பர்மிஷன் சட்டத்தில் வருவதல்ல, கம்பெனி வைத்த விதி. ஆனால் உங்கள் கம்பெனியில் இரண்டு மணி நேர பர்மிஷன் மிச்சமிருந்தால் ஈடுகட்டும் பேச்சே வேண்டாம். அதைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து எடுக்க விடுவார்களா என்று மட்டும் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கிளம்புமுன் சிஸ்டத்தில் போட்டுவிடுங்கள். பஞ்ச் இடைவெளி மட்டும் தெரிந்தால் சம்பளத்தில் பிடித்துவிடக்கூடும்.

நான் ஃபாக்டரி லைன்ல இருக்கேன், காலை ஷிப்ட். சாயங்காலம் கூட ஒரு மணி நேரம் நின்னா ஒத்துக்குவாங்களா அக்கா?

பெரும்பாலும் மாட்டார்கள். ஷிப்ட் முடிந்தபின் நின்றால் அது ஓவர்டைம் கணக்கில் போய் இரட்டைச் சம்பளப் பேச்சு வரும். உங்கள் இடத்தில் அடுத்த ஆளும் வந்திருப்பார். அன்றைக்கு மட்டும் ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். மாறிக்கொள்பவரையும் கூட்டிக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் சொல்லி, ரிஜிஸ்டரில் எழுதவையுங்கள்.

போன ஞாயிறு வந்து வேலை பார்த்தேன், அதுல கழிச்சுக்கலாமா?

அது காம்ப் ஆஃப், வேறு கணக்கு. பல இடங்களில் அரைநாளாகவோ முழுநாளாகவோதான் எடுக்க முடியும், இரண்டு மணி நேரத்துக்கு அதைச் செலவழித்தால் நஷ்டம். உங்கள் மேனேஜர் மணிக்கணக்கில் கழிக்க விடுவாரா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

எங்க மேனேஜர் வாயால சரின்னுடுவார், மெயில்ல பதில் போடமாட்டார்.

நீங்களே போடுங்கள்: "இன்று பேசியபடி, புதன் காலை 8.45க்கு வந்து, 11.45 முதல் 2.30 வரை வெளியே, வியாழன் 7.30 வரை இருப்பேன்." அவர் பதில் போடாவிட்டாலும் தேதியோடு உங்களிடம் இருக்கும்.