‘போவார்’ என்றால் எப்போதும் ‘வில்’ தானா?

“மை ஃபாதர் வில் கோ டு ஆஃபீஸ் அட் நைன்” என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். பழக்கத்துக்கு ‘வில்’ வரும் என்று இலக்கண நூலில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் எல்லாப் பழக்கத்துக்கும் வராது. ‘அப்பா ஒன்பது மணிக்கு அலுவலகம் போவார்’ என்பது தமிழில் வெறும் தகவல். ஆங்கிலத்தில் வெறும் தகவலுக்கு நிகழ்காலமே போதும்: “மை ஃபாதர் கோஸ்”. நீங்கள் எழுதியதைப் படிப்பவர், நாளைக்குப் போகப்போகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஒருவரின் சுபாவத்தைச் சொல்லும்போதுதான் ‘வில்’ பொருந்தும். “ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ், சேயிங் நத்திங்.” மணிக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார், ஆள் அப்படி. வாக்கியத்தோடு ‘அவர் சுபாவமே அதுதான்’ என்று சேர்த்துப் பாருங்கள். ஒட்டினால் ‘வில்’ போடலாம். ஒன்பது மணிக்கு அலுவலகம் போவதை யாரும் சுபாவம் என்று சொல்வதில்லை, பாவம். பொருள்களின் இயல்புக்கும் இது வரும்: “ஆயில் வில் ஃப்ளோட் ஆன் வாட்டர்”.

“எங்கள் தெருவில் ஓர் ஆலமரம் இருந்தது” என்பதற்கு “தேர் வுட் பி எ பேனியன் ட்ரீ” சரியா?

தவறு. மரம் நின்றது ஒரு நிலை. அதற்கு “தேர் யூஸ்ட் டு பி” என்று எழுத வேண்டும். திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் ‘வுட்’ வரும். அதற்கும் முதலில் காலத்தைச் சொல்லிவிட வேண்டும்: “வென் வி வேர் சில்ட்ரன், கிராண்ட்மா வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்”. காலம் சொல்லாமல் “கிராண்ட்மா வுட் டெல் அஸ்” என்று தொடங்கினால், படிப்பவர் பின்னால் ஓர் ‘இஃப்’ வரும் என்று காத்திருப்பார். ஐந்து முறை ஊட்டிக்குப் போனோம் என்று எண்ணிக்கை சொல்லும்போது இரண்டுமே வேண்டாம். “வி வென்ட்” என்று முடித்துவிடுங்கள்.

மேலாளர் “யூ வில் கீப் இன்டரப்டிங் மீ” என்றார். இனிமேல் குறுக்கிடுவேன் என்கிறாரா?

‘வில்’லை அழுத்திச் சொல்லியிருந்தால், அது குறைப்பட்டுக்கொள்வது: எப்போது பார்த்தாலும் குறுக்கே பேசுகிறீர்களே! இந்தப் பொருளில் அதை ‘யூல்’ என்று சுருக்க முடியாது.

அழைப்பு மணி அடித்ததும் “தட் வில் பி த போஸ்ட்மேன்” என்கிறார்கள். வாசலில் நிற்பவருக்கு எதிர்காலம் ஏன்?

‘தபால்காரராக இருக்கும்’ என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? இது இப்போதைய நிலை பற்றிய ஊகம். ‘மஸ்ட்’ போட்டாலும் ஊகம்தான். ஆனால் அது பிறக்கும் இடம் வேறு. பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு சொன்னால் “தே மஸ்ட் பி அட் ஹோம்”. எதையும் பார்க்காமல், ஏழு மணிக்கு அவர்கள் வீட்டில்தான் இருப்பது வழக்கம் என்பதை வைத்துச் சொன்னால் “தே வில் பி அட் ஹோம்”. ‘இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்கள்’ என்பதற்கு “தே வில் ஹேவ் அரைவ்ட் பை நவ்”. அவ்வளவு உறுதி இல்லையென்றால் ‘மே’ போதும்.