தும்பிக்கை வச்ச 'லை'யை ஓசிஆர் ஏன் முழுங்குது?

"சார், தாத்தாவோட 1930கள்ல அச்சான ஒரு கதைப் புத்தகம், 140 பக்கம், ஸ்கேன் பண்ணி, எழுத்தா மாத்த டெசராக்ட் ஓசிஆர்ல போட்டேன். படம் பளிச்னுதான் இருக்கு, ஆனா 'இல்லை'ங்கறது 'இல்ல'ன்னு வருது, பக்க நம்பர்லாம் 'சரு'ன்னு வருது, நடுவுல சில வரி சுத்தமா புரியல. ஸ்கேனர் பிரச்சினையா?"

ஸ்கேனரை விடுங்க, எழுத்து வடிவம்தான் காரணம். 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையா போடுறதுக்கு முன்னாடி அச்சுல ணை, லை, ளை, னை நாலுக்கும் தனியா இணைக்கொம்பு கிடையாது, எழுத்துக்கு மேலேயே தும்பிக்கை மாதிரி ஒரு சுழி ஒட்டிக்கிட்டு இருக்கும். ணா, றா, னாவும், அதோட ஒகர ஓகாரமும் இதே மாதிரி தனி வடிவம், ஆக மொத்தம் 13 எழுத்து. இதுல உங்களுக்கு வலிக்கிறது அந்த நாலு ஐகாரம்தான், ஏன்னா அவனை, அவளை, கண்ணை, இல்லைன்னு இரண்டாம் வேற்றுமையும் எதிர்மறையும் அதுலதான் போய் முடியுது. புது வடிவத்துலயே பழகின மாடலுக்கு அந்தச் சுழி அழுக்கு மாதிரிதான், விட்டுட்டு 'ல', 'ன'ன்னு எழுதிடும்.

உங்க புத்தகத்துல இது எந்த அளவுக்குன்னு பார்க்க கண்ணை நம்ப வேணாம், p001.txt, p002.txtன்னு பக்கத்துக்கு ஒண்ணா சேமிச்ச ஓசிஆர் ஃபைல்ல எண்ணிப் பாருங்க:

```
cat p*.txt | grep -o 'லை' | wc -l
```

எந்தத் தமிழ்க் கதையிலயும் இல்லை, வேலை, தலை, காலைன்னு பக்கத்துக்குச் சிலதாவது வரும். 140 பக்கத்துக்கும் சேர்த்து பத்தோ இருபதோதான் வந்தா தும்பிக்கை எல்லாம் போச்சுன்னு அர்த்தம்.

ஸ்பெல்செக்கர் வச்சு சரி பண்ணலாம்னு தோணும், ஆனா பாதி கிணறுதான் தாண்டும். 'வேல'ன்னு வந்தா பிடிச்சிடலாம், "அவர் என்னை விரும்பினார்" போய் "அவர் என்ன விரும்பினார்"னு வந்தா? ரெண்டும் சரியான தமிழ், அர்த்தம் மட்டும் தலைகீழ், எந்த செக்கரும் வாய் திறக்காது. அதனால 'என்ன', 'உன்ன', 'இல்ல' மூணையும் தேடி, வந்த இடமெல்லாம் படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும், மொத்தமா ரீப்ளேஸ் மட்டும் கொடுத்துடாதீங்க, நிஜமான 'என்ன'வும் சேர்ந்து கெட்டுடும்.

140 பக்கம்னா இப்படிக் கையால திருத்திடலாம். இன்னும் பத்து புத்தகம் இருக்குன்னா மாடலையே பழக்குறது லாபம். இதுல ஒரு நல்ல விஷயம், யூனிகோட்ல பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே கோட்தான், வித்தியாசம் ஃபான்ட்ல மட்டும்தான், அதனால மாடலுக்குப் புது எழுத்து எதையும் சேர்க்க வேணாம், தெரிஞ்ச எழுத்துக்கு இன்னொரு முகத்தைக் காட்டினா போதும். உங்க ஸ்கேன்லயே சில நூறு வரியை வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் சரியான உரையை அதே பேர்ல ஒரு `.gt.txt` ஃபைல்ல சாதாரண லை, னை போட்டு டைப் பண்ணுங்க. பத்தலைன்னா Lohit Tamil Classical ஃபான்ட்ல பழைய வடிவம் இருக்கு, அதுல வரி உருவாக்கியும் சேர்க்கலாம். அப்புறம் டெசராக்ட் மாடலைப் பழக்குற tesstrain ஃபோல்டருக்குள்ள `data/tamold-ground-truth`ல இதையெல்லாம் போட்டுட்டு, tesstrain ஃபோல்டர்ல இருந்து:

```
make training MODEL_NAME=tamold LANG_TYPE=Indic START_MODEL=tam TESSDATA=../tessdata_best
```

இங்க பலரும் வழுக்குற இடம் அந்த கடைசி பகுதி. `tessdata_best`ல இருக்கற tam ஃபைல்தான் மேல பழக்க ஒத்துவரும், சாதாரண இன்ஸ்டால்ல வர வேக மாடல் வேலைக்கு ஆகாது. ரெண்டு மூணு பக்கத்தைப் பயிற்சிக்குக் குடுக்காம ஒதுக்கி வச்சு, அதுல மறுபடி 'லை' எண்ணிப் பார்த்தா தேறிச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

பக்க நம்பர் கதை வேற. ௪௫ங்கற தமிழ் எண்தான் 'சரு'ன்னு வருது, ௪ அச்சு அசலா ச மாதிரி, ௫ அப்படியே ரு மாதிரி. ௧ க ஆகும், ௨ உ ஆகும், ௯ கூ ஆகும், அப்படிப் பார்த்தா ௧௯௩௨ங்கற வருஷம் 'ககூஙஉ'ன்னு வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. பக்க நம்பர் வரிசையா வர்றதால ஸ்கேன் ஃபைல் நம்பரை வச்சே மாத்திக்கலாம், கதைக்குள்ள வர்ற வருஷத்தை மட்டும் கண்ணால பாருங்க.

புரியாத வரிங்களை உத்துப் பாருங்க, நடுவுல சமஸ்கிருத ஸ்லோகம் இருக்கும்னு நினைக்கிறேன். அது ஸ, ஹ, க்ஷ மாதிரி தமிழோட கலந்த எழுத்து இல்ல, முழு கிரந்த லிபி. அதுல ட, ண, த, ய, வ எல்லாம் தமிழ் மாதிரியே இருக்கறதால tam மாடல் தயங்காம ஏதோ ஒரு தமிழை எழுதிடும், காலியா விட்டாக்கூட நமக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பகுதியைப் படத்துலயே வெள்ளையடிச்சு மறைச்சிட்டு ஓசிஆர் ஓட்டுங்க, ஸ்லோகத்தை கிரந்தம் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுத்து டைப் பண்ண வைங்க. ஸ்ரீ மட்டும் ஒரு தொல்லை, ஸ வச்சும் ஶ வச்சும் ரெண்டு விதமா கோட் ஆகும், பார்வைக்கு ஒண்ணுதான், தேடும்போது பாதி சிக்காது, ஆரம்பத்துலயே எல்லாத்தையும் ஒரே வகைக்கு மாத்திடுங்க.